பத்தொன்பது வருஷம் தாண்டியதும் வரும் முதல் பக்கம்

கோவில்பட்டியில் ஒரு மளிகைக் கடைக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கடையைத் தொடங்கியவர் ஆறுமுகம். அவர் மனைவி வேலம்மாள். மூத்த மகன் சண்முகம். சண்முகத்துக்கு மகன் பிறந்ததும் தாத்தா பெயரையே வைக்கிறார்கள். திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த மகள் ராஜம், அப்பா மேல் இருந்த பாசத்தில் தன் பையனுக்கும் அதே பெயரை வைத்துவிடுகிறாள். இந்தக் குடும்பத்தின் கதையை 1948-இலிருந்து 2004 வரை ஒருவர் நாவலாக எழுதினால், முந்நூறாவது பக்கத்தில் எங்கோ ‘ஆறுமுகம் கோபத்தோடு எழுந்து போனான்’ என்று ஒரு வரி வந்தே தீரும். எந்த ஆறுமுகம்? வாசகர் விரலை அந்தப் பக்கத்தில் செருகிக்கொண்டு பின்னால் புரட்டுவார். இன்னொரு தடவை புரட்ட வேண்டி வந்தால் அலுத்துக்கொள்வார். அதற்கும் பிறகு ஒரு தடவை என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் பல தலைமுறைக் கதை எழுத உட்கார்ந்த யாருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். ஆட்கள் அதிகமானதால் குழப்பம் வந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது பேர் வரும் கல்யாண வீட்டுக் காட்சியைக்கூட வாசகர் சிரமமில்லாமல் படிக்கிறார். அவர் வழி தவறுவது வேறொரு இடத்தில். ஒரு பாகம் 1948-இல் முடிகிறது, அடுத்த பாகம் 1967-இல் தொடங்குகிறது. அந்தப் புதிய பாகத்தின் முதல் ஒன்றிரண்டு பக்கங்களில்தான் அவர் கை நழுவுகிறது. எட்டு வயதுப் பையனாக விட்டுவிட்டு வந்தவன் இப்போது இருபத்தேழு வயது ஆள். அப்போது பிறக்காதவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது இருந்தவர் ஒருவரைக் காணவில்லை. இந்த மூன்று மாற்றத்தையும் வாசகர் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டியிருக்கிறது.

எழுதுகிறவர் முதலில் தன் மேஜையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரிய தாள் ஒன்றில் ஆட்களின் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி, கதை நின்று பேசப்போகும் ஆண்டுகளைக் குறுக்காக எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆளின் வயதைப் போட வேண்டும். நம் குடும்பத்தில் ஆறுமுகம் 1913-இல் பிறந்தவர், வேலம்மாள் 1921. கல்யாணம் 1938. சண்முகம் 1940, ராஜம் 1943, கடைக்குட்டி கணேசன் 1951. ஆறுமுகம் 1959-இல் இறந்துபோகிறார். கதை நிற்கும் ஆண்டுகள் நான்கு: 1948, 1967, 1986, 2004.

கட்டங்களை நிரப்பியதுமே அந்தத் தாள் பேசத் தொடங்கிவிடும். 1948-க்கான வரிசையில் கணேசனுக்குக் கட்டம் காலியாக இருக்கிறது. 1967-இல் அவனுக்குப் பதினாறு. அதாவது வாசகர் அவனைக் குழந்தையாகப் பார்க்கவே இல்லை. மீசை அரும்பும் வயதில் திடீரென்று வீட்டுக்குள் வந்து நிற்கப்போகிறான். ஆறுமுகத்தின் சாவு இரண்டு பாகங்களுக்கும் நடுவில், யாரும் பார்க்காத இடத்தில் விழுந்திருக்கிறது. தாவலில் ஆபத்தான ஆட்கள் இந்த இரண்டு வகையினர்தான்: இடைவெளியில் பிறந்தவர்கள், இடைவெளியில் இறந்தவர்கள். வாழ்ந்துகொண்டே இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களை வாசகர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

தாள் காட்டும் இன்னொரு கோளாறு கொஞ்சம் நுணுக்கமானது. பேரன் ஆறுமுகம் 1970-இல் பிறந்ததாக முதலில் போட்டிருந்தோம் என்றால் 1986-இல் அவனுக்குப் பதினாறு வயது. முந்தைய பாகத்தில் கணேசனுக்கும் அதே பதினாறு. அடுத்தடுத்த பாகங்களில், அதே வீட்டில், அதே வயதில், அதே கடைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகும் இரண்டு பையன்கள். பெயர் வேறாக இருந்தாலும் வாசகர் மனதில் இருவரும் ஒட்டிக்கொண்டு ஒருவராகிவிடுவார்கள். பேரனின் பிறப்பை 1976-க்குத் தள்ளிப் பார்க்கலாம். இப்போது 1986-இல் அவன் பத்து வயதுச் சிறுவன், 2004-இல் இருபத்தெட்டு வயது. சண்முகத்தின் கல்யாணம் 1966-இல் என்றால், மகன் பிறக்கப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. அப்படியானால் முதலில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்திருக்க வேண்டும், வேலம்மாள் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருக்க வேண்டும், மருமகள் அந்தப் பத்து வருஷமும் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பாள்! ஒரு எண்ணைத் திருத்தப்போய்க் கதைக்கு ஒரு பெண்ணின் துயரம் கிடைத்துவிட்டது. வயதுத் தாள் போடுவதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று ஒதுக்குகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

இனி அந்த முதல் பக்கத்துக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டுப் பாகம் இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்: ‘கணேசன் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். அடுப்படியிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள். முருகையா வந்துவிட்டாரா என்று கேட்டான்.’ மூன்று வாக்கியம், மூன்று பெயர், மூன்றும் வாசகருக்குப் புதியவை. வேறு யாரோ ஒரு குடும்பத்தின் கதைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றும். எழுதியவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. கணேசன் கடைசித் தம்பி, செல்வி அண்ணி, முருகையா கடைக் கணக்கர் என்பது அவர் தலைக்குள் இருக்கிறதே.

அதே பக்கத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘ஆறுமுகம் உட்கார்ந்த கல்லாவில் இப்போது சண்முகம் உட்கார்ந்திருந்தான். அப்பா போய் எட்டு வருஷம் ஆயிற்று. தராசுக்குப் பக்கத்தில் கிடந்த வீசைக்கல் போய்க் கிலோ கல் வந்துவிட்டது. ஆனால் கணக்குக் கூட்டும்போது உதடு முணுமுணுப்பது மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. “அண்ணே, அம்மா சாப்பிட வரச் சொல்லுச்சு” என்று சைக்கிளை விட்டு இறங்காமலே கூப்பிட்டான் கணேசன். அப்பா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது. சண்முகத்தோடு பேசும்போது அண்ணனோடு பேசுகிறோமா அப்பாவோடு பேசுகிறோமா என்பது அவனுக்கே சில நேரம் தெரியாது.’

இங்கே முதல் வாக்கியம் வாசகருக்குத் தெரிந்த ஆளையும் தெரிந்த இடத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. கல்லாவையும் சண்முகத்தையும் அவர் போன பாகத்திலேயே பார்த்திருக்கிறார். சாவு இரண்டாவது வாக்கியத்தில் நேராகச் சொல்லப்பட்டுவிட்டது. புதியவன் ஒரே ஒருவன்தான், அவனும் ‘அண்ணே’, ‘அம்மா’ என்ற இரண்டு சொற்களோடு வருகிறான். உறவுமுறை தானாக விளங்கிவிட, மீதியை வயது சொல்லிவிடுகிறது. செல்வியும் முருகையாவும் இரண்டு மூன்று பக்கம் கழித்து, தெரிந்த ஒருவர் அழைத்துக்கொண்டு வர, ஒவ்வொருவராக வரலாம். தாவலுக்குப் பிந்தைய முதல் பக்கத்தில் புதிய பெயர் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

வீசைக்கல் அங்கே வீணாக வரவில்லை. இந்தியாவில் மெட்ரிக் எடைக்கான சட்டம் 1956-இல் வந்தது, 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தன. 1948 பாகத்தில் ஆறுமுகம் வீசையிலும் பலத்திலும் நிறுத்துக் கொடுப்பதை வாசகர் பார்த்திருந்தால், ஒரு கல்லை மாற்றியே பத்தொன்பது வருஷத்தைக் காட்டிவிடலாம். தனுஷ்கோடிப் புயல், அண்ணா முதலமைச்சரானது என்று ஊரறிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லியும் காலத்தைக் காட்டலாம்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் வருஷத்தைக் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் அது ஆண்டை மட்டுமே சொல்லும். தராசுக்கல் இந்தக் குடும்பத்தின் தொழிலுக்குள்ளேயே இருப்பதால் ஆண்டையும் வீட்டையும் ஒன்றாகச் சொல்கிறது.

முணுமுணுக்கும் உதடும் அப்படித்தான். எட்டு வயதுச் சண்முகம் வாய்விட்டுக் கணக்குக் கூட்டி அப்பாவிடம் திட்டு வாங்கும் காட்சியை முதல் பாகத்திலேயே எழுதியிருக்க வேண்டும். முகமும் குரலும் வயதோடு மாறிவிடும். பழக்கம் மாறாது. இந்த வித்தையில் தாமஸ் மன்னை மிஞ்சியவர்கள் குறைவு. 1901-இல் அவர் வெளியிட்ட ‘புடன்புரூக்ஸ்’ நாவல், வடக்கு ஜெர்மனியின் லூபெக் நகரத் தானிய வியாபாரிக் குடும்பம் ஒன்றை 1835-இலிருந்து 1877 வரை, நான்கு தலைமுறைகளாகப் பின்தொடர்கிறது. முதல் பக்கத்தில் டோனி என்ற எட்டு வயதுப் பெண் தாத்தா முன்னால் பாடம் ஒப்பிக்கிறாள். கடைசிப் பக்கத்திலும் அவள் இருக்கிறாள், ஐம்பது வயதுப் பெண்ணாக. நடுவில் தாத்தா, அப்பா, அண்ணன், அண்ணன் மகன் என்று எல்லோரும் போய்விடுகிறார்கள். பதினெட்டு வயதில் கடற்கரை ஊர் ஒன்றில் அவளுக்கு மார்ட்டன் என்ற மருத்துவ மாணவன் மேல் காதல் வருகிறது. தேன் இயற்கையானது, அதைச் சாப்பிடும்போது என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியும் என்று அவன் சொன்னதை, அவனைப் பிரிந்து, இரண்டு கல்யாணமும் முறிந்து, வருஷங்கள் கழிந்த பிறகும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சு வந்ததும் எந்த ஆண்டு என்று பார்க்காமலே டோனி என்று தெரிந்துவிடுகிறது. கூடவே அவள் மறக்காதது எது என்பதும் தெரிந்து மனசு கனக்கிறது. அடையாளத்துக்காகப் போட்ட குறி அவள் வாழ்க்கையின் வலியாகவும் ஆகிவிட்டது.

முதலிலிருந்து கடைசி வரை இப்படி ஒருவர் இருப்பது பெரிய துணை. மின் ஜின் லீயின் ‘பச்சிங்கோ’ நாவலில் கொரியாவின் பூசானை ஒட்டிய தீவில் பிறந்த சுஞ்சா அந்த இடத்தில் இருக்கிறாள். 1910-இல் தொடங்கி 1989 வரை போகும் கதையில் அவள் மகளாக, தாயாக, பாட்டியாக மாறுகிறாள். நம் கோவில்பட்டிக் குடும்பத்தில் அது வேலம்மாள். 1948-இல் இருபத்தேழு, 2004-இல் எண்பத்து மூன்று. ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயத்திலும் அவள் கொஞ்ச நேரமாவது வந்து போக வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் நாவல்களுக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கார்சியா மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’. 1967-இல் வந்த நாவல், ஏழு தலைமுறை, ஆண்கள் பெரும்பாலும் ஹோசே அர்க்காதியோ அல்லது அவ்ரேலியானோ. அங்கே பெயர்கள் திரும்புவது வேண்டுமென்றே செய்தது, காலம் வட்டமாகச் சுற்றுகிறது என்ற உணர்வுக்காக. ஆனாலும் அந்தக் குழப்பத்துக்குள் இருக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். குடும்பத்தின் மூத்தவரை எப்போதும் ஹோசே அர்க்காதியோ புயந்தியா என்று முழுப்பெயரோடுதான் சொல்கிறார். அவர் மூத்த மகன் வெறும் ஹோசே அர்க்காதியோ. பேரன் அர்க்காதியோ. இரட்டைக் கொள்ளுப்பேரன்களின் பெயர்களில் செகுந்தோ என்ற ஒட்டு உண்டு. இளைய மகனுக்குக் கர்னல் பட்டம். ஒரே பெயர்தான், ஆனால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயரின் ஒரு வடிவம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெரும்பாலும் அடுத்தவருக்கு மாற்றிக் கொடுப்பதில்லை.

நம் வீடுகளில் இந்த ஏற்பாடு யாரும் சொல்லித்தராமலே நடக்கிறது. வேலம்மாள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அப்படியிருக்கப் பேரனை ஆறுமுகம் என்று எப்படிக் கூப்பிடுவாள்? ‘ராசா’ என்பாள். மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகளும் ‘ராசா’ என்றே கூப்பிடுவாள். ஊருக்கும் அதுவே பழகிவிடும். ராஜத்தின் மகன் விடுமுறைக்கு வந்தால் ‘திருநெல்வேலி ஆறுமுகம்’. நாவலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆறுமுகம் என்ற தனிப்பெயர் தாத்தாவுக்கு மட்டும். பேரன் பேச்சிலும் ராசா, ஆசிரியரின் விவரிப்பிலும் ராசா. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவில் ‘ஆறுமுகம்’ என்று கூப்பிட, அது தன் பெயர்தான் என்று உறைக்காமல் அவன் ஒரு கணம் திகைப்பதாக ஒரு காட்சி வைத்தால், இரண்டு பெயரும் ஒருவனுடையவை என்று வாசகர் மறக்கவே மாட்டார்.

உறவுச் சொற்கள் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி. இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசினாலே யார் மூத்தவர், எந்த வழி உறவு என்று தெரிந்துவிடும். அதே சொற்கள்தான் தாவலில் காலை வாரிவிடுவதும். 1967-இல் ராஜம் கணேசனுக்கு அக்கா, வேலம்மாளுக்கு மகள். 1986-இல் ராசாவின் பக்கம் நின்று பார்த்தால் அவள் அத்தை, வேலம்மாள் ஆச்சி. 2004-இல் ராஜத்தின் மகளை ராசாவுக்கே கட்டிவைத்தால் ராஜம் மாமியாராகவும் ஆகிறாள். அவன் கூப்பிடுவது அப்போதும் அத்தைதான். சொல் மாறவில்லை, உறவு மாறிவிட்டது. இதற்கு நான் நம்புவது ஒரே வழி: உறவுச் சொல் பேச்சில் எப்படி வேண்டுமானாலும் மாறட்டும், விவரிப்பில் அவள் கடைசி வரை ராஜம். பத்து வயது ராசாவின் கண்வழியாகவே ஓர் அத்தியாயம் முழுக்கப் போகிறது என்றால் அங்கே ‘அத்தை’ என்று எழுதலாம், ஆனால் முதல் தடவை மட்டும் ‘ராஜம் அத்தை’ என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரே பக்கத்தில் ராஜம், அத்தை, சண்முகத்தின் தங்கை என்று நடைக்காக மாற்றி மாற்றி எழுதுவது இந்த வகை நாவலில் கூடவே கூடாது.

இடைவெளியில் இறந்தவரைப் பற்றி ஒன்று. ஆறுமுகத்தின் சாவை உடனே சொல்லாமல் பத்துப் பக்கம் மறைத்துவைத்தால் சுவாரசியம் கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. அவர் எப்போது வருவார் என்று வாசகர் ஒவ்வொரு காட்சியிலும் தேடிக்கொண்டிருப்பார்; கண்முன் இருப்பவர்களைக் கவனிக்கமாட்டார். வர்ஜீனியா உல்ஃப் ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலில் பத்து வருஷத்தைத் தாண்டும்போது, கதையின் உயிராக இருந்த திருமதி ராம்ஸேயின் சாவை ஒரு அடைப்புக்குறிக்குள் சொல்லி முடிக்கிறார். அவ்வளவு பெரிய இழப்பை அவ்வளவு சின்ன இடத்தில் சொன்னதால்தான் அடி பலமாக விழுகிறது. எப்படிச் செத்தார் என்று விரிவாகச் சொல்ல ஆசை இருந்தால் அதற்காக 1967-இன் முதல் அத்தியாயத்திலேயே 1959-க்குத் திரும்பிப் போகாதீர்கள். முன்னால் ஒரு தாவல், உடனே பின்னால் ஒரு தாவல் என்றால் வாசகர் எந்த வருஷத்தில் நிற்கிறோம் என்று அறியாமல் போய்விடுவார். புதிய ஆண்டில் இரண்டு அத்தியாயமாவது கதை ஓடட்டும். பிறகு திரும்பிப் போகும்போது முதல் சில வாக்கியங்களை ‘படுத்திருந்தார்’, ‘சொல்லியிருந்தார்’ என்று எழுதி, பிறகு சாதாரண இறந்தகாலத்துக்கு மாறலாம். திரும்பி வரும் இடத்தில் மறுபடி அந்தக் கல்லாவையோ கிலோ கல்லையோ காட்டினால் போதும்.

அத்தியாயத் தலைப்பில் ஆண்டைப் போடுவது நல்லதுதான். ‘பச்சிங்கோ’வில் போட்டிருக்கிறார்கள். 1933 முதல் 1985 வரை மூன்று தலைமுறைக் கடற்கரை வாழ்க்கையைச் சொல்லும் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலிலும் ஆண்டு இருக்கிறது. ஆனால் தலைப்பில் இருக்கும் எண்ணைப் பலர் கண்ணால் தாண்டிவிடுவார்கள். படிக்கிறவர்களும் 1967-இலிருந்து 1940-ஐக் கழித்துப் பார்க்க நிற்கமாட்டார்கள். அதனால் வயது கதைக்குள்ளும் வர வேண்டும். நூலின் தொடக்கத்தில் வம்சாவளி வரைபடம் போடுவது பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. யார் யாரைக் கட்டப்போகிறார்கள், யாருக்கு வாரிசு இல்லை என்பதெல்லாம் கதை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். ராசாவுக்கும் ராஜத்தின் மகளுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தால், அந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று நானூறு பக்கம் தவிக்க வேண்டிய வாசகர் எதற்குத் தவிப்பார்? அதற்குப் பதில் ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் அந்த ஆண்டில் வீட்டில் இருப்பவர்களை மட்டும், வயதோடு, நாலைந்து வரியில் கொடுக்கலாம். அந்தப் பட்டியல் இல்லாமலும் கதை புரிய வேண்டும் என்பது நிபந்தனை.

புரிகிறதா என்று சோதிக்க எழுதியவரால் முடியாது, அவருக்கு எல்லாம் தெரியும். கையெழுத்துப் பிரதியின் முதல் பாகத்தை ஒருவருக்குக் கொடுங்கள். ஒரு வாரம் போகட்டும், வாசகர்கள் நிஜத்தில் அப்படி விட்டுவிட்டுத்தான் படிக்கிறார்கள். பிறகு இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று பக்கத்தை, ஆண்டுத் தலைப்பை எடுத்துவிட்டு, கொடுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு, தோராயமாக என்ன வயது என்று ஒரு தாளில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதியதை உங்கள் வயதுத் தாளோடு ஒப்பிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். கணேசனுக்கு இருபத்தைந்து என்று எழுதியிருந்தால் வயதைக் காட்டும் வரி போதவில்லை. சண்முகத்தின் மகன் என்று எழுதியிருந்தால் ‘அண்ணே’ என்ற சொல் பேச்சில் பிந்தி வருகிறது. ஆறுமுகம் எங்கோ வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதியிருந்தால், சாவைச் சொன்ன வாக்கியத்தை இன்னும் மேலே கொண்டுவர வேண்டும்.